ராத்திரி ஆறிப்போற தண்ணி

பதினாலு புள்ளி எட்டு.

மூணு நாளா எப்படிப் போட்டாலும் அதே நம்பர்தான் வந்துக்கினு இருந்துச்சு ஷாரோனுக்கு. எக்செல் ஷீட்ட மூடித் தொறந்து பாத்தா. பேப்பர்ல பேனாவால போட்டுப் பாத்தா. போன் கால்குலேட்டர்ல தட்டிப் பாத்தா. பதினாலு புள்ளி எட்டு மாசம். பன்னெண்டுக்குக் கீழ வந்தா அவளுக்கு வேலை இருக்குது. வரலன்னா முப்பத்தொண்ணாம் தேதியோட வீட்டுக்குப் போவலாம்.

விஷயம் இதுதான். காஞ்சிபுரத்துலருந்து வாலாஜாபாத் போற ரோட்டுல, பட்டு நூலுக்குச் சாயம் போடுற பேக்டரி அது. பின்னாடி பாய்லர் ரூம். அங்க டீசல்ல தண்ணி காய்ச்சி, ஐயாயிரம் லிட்டர் டேங்குல ரொப்பி, ரெண்டு இஞ்ச் பைப்புல சாயப்பட்டறைக்கு அனுப்புவாங்க. போக நூத்தி இருவது மீட்டர், திரும்பி வர நூத்தி இருவது மீட்டர். உள்ள ஓடுற தண்ணி தொண்ணூறு டிகிரி. சூடு வெளிய போவாம இருக்க பைப்பு மேல சுத்தியிருந்த பழைய கண்ணாடிப் பஞ்சு மழையில ஊறி, பிஞ்சு, நாய் கடிச்ச தலகாணி மாதிரி தொங்கிக்கினு இருந்துச்சு. அதப் புதுசா மாத்தணும்னு முடிவாயிடுச்சு. மாத்துறது ஒரு இஞ்ச் பஞ்சா, ரெண்டு இஞ்ச் பஞ்சா, அதுதான் பேச்சு.

ஒரு இஞ்ச் போட்டா மீட்டருக்கு இருவத்தி நாலு வாட்ஸ் சூடு வெளிய போவும். ரெண்டு இஞ்ச் போட்டா பதினாறு. ரெண்டு இஞ்சுக்குக் கூட ஆவுற செலவு மொத்தம் ஒரு லட்சத்தி எட்டாயிரம். அந்தக் காசு டீசல் மிச்சத்துல எத்தினி மாசத்துல திரும்பி வரும்? மெட்ராஸ்ல இருக்குற மொதலாளி மெயில்ல பாக்குறது அந்த ஒரு நம்பர மட்டும்தான். பன்னெண்டு மாசத்துக்குள்ள வந்தா சரின்னுவாரு. ஒரு நாள் தாண்டுனாலும் படிக்காம மூடிடுவாரு.

போன வாரம் சூப்பர்வைசர் பஞ்சாட்சரம் கூப்பிட்டு, "ஷாரோன், ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல உன்ன எடுத்தது எதுக்கு? டீசல் செலவ கொறைக்கத்தானே? ஒரு ப்ராஜெக்ட் கூட நீ பாஸ் பண்ணல. இந்தப் பைப்பு விஷயமாவது எழுது. இது போனா உன் அடுத்த வருஷ லெட்டர டைப் பண்ணச் சொல்ல எனக்கு வாய் வராதும்மா"ன்னு சொன்னாரு. கோவமா சொல்லல. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

வேலை போனா எப்படி இருக்கும்னு அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்ல. ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனியில ஆள் கொறைச்சப்போ ஏழு மாசம் அனுபவிச்சுட்டா. அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாதுன்னு, அந்த ஏழு மாசமும் காலையில டிபன் பாக்ஸ எடுத்துக்கினு கெளம்பிடுவா. வாலாஜாபாத் ஸ்டேஷன் பெஞ்சுல போய் உக்காருவா. பன்னெண்டு மணிக்குத் தனியா சாப்புடுவா. அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு வர ஆளு மாதிரி வீட்டுக்கு வருவா. அப்பா ஜான்சன் ரைஸ் மில்லுல மூட்ட தூக்குனவரு, இப்ப முட்டி போயி வீட்டோட இருக்காரு. "இன்னா பாப்பா, இன்னிக்கு ரொம்ப வேலையா?"ன்னு கேப்பாரு. அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு இன்னிக்கு வரைக்கும் அவ கேட்டதில்ல. திரும்ப அந்தப் பெஞ்சுல போய் உக்காந்தா, எழுந்திரிக்க மாட்டோம்னு மட்டும் அவளுக்குத் தோணிச்சு.

வெள்ளிக்கெழம சாயங்காலம் நாலு மணிக்குப் பஞ்சு ஆர்டர் போயிடும். பைப்புக்குப் பஞ்சு சுத்துற ஃபக்ருதீன் பாய் மொத நாளே போன் பண்ணி, "மேடம், நாளைக்கு நாலு மணிக்குள்ள ஒரு இஞ்சா ரெண்டு இஞ்சான்னு சொல்லிடுங்க. சரக்கு எடுக்க வண்டி மெட்ராஸ் போவுது. ஒருவாட்டி சுத்தித் தகடு அடிச்சிட்டா பத்து வருஷத்துக்கு எவனும் பிரிக்க மாட்டான்"னு சொல்லிட்டாரு.

வெள்ளிக்கெழம விடியகாலம் தூக்கம் வராம மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டா. அஞ்சே முக்கால் இருக்கும். பாய்லர் ரூம் பூட்டியிருந்துச்சு. பைப்பு ஒட்டியே நடந்து போனா, எங்கயாவது கணக்குல விட்ட மீட்டர் கெடைக்காதான்னு. நடுவுல ஒரு வால்வு, பஞ்சு இல்லாம வெறும் இரும்பா நின்னுச்சு. சும்மா கைய வெச்சா.

சுர்ருன்னு சுட்டுச்சு.

கைய இழுத்துக்கினு அப்படியே நின்னுட்டா. ராத்திரி ஏழு மணிக்கு டீசல் அடுப்பையும் தண்ணி ஓட்டுற மோட்டாரையும் நிறுத்தணும், காலையில ஆறு மணிக்குத்தான் போடணும். பாய்லர் ரூம் கதவுலயே சர்க்குலர் ஒட்டியிருக்குது. பஞ்சாட்சரம் கையெழுத்து. பதினோரு மணி நேரம் நின்ன பைப்பு இப்படிச் சுடாது. பையிலருந்து தெர்மாமீட்டர எடுத்து வெச்சா. அறுவத்தெட்டு. காத வெச்சுக் கேட்டா. உள்ள தண்ணி ஓடுற சத்தம்.

ஆறு மணிக்குக் காசிநாதன் சைக்கிள்ல வந்தாரு. பாய்லர் பாக்குறவரு. தென்னேரிலருந்து தினம் மிதிச்சுக்கினு வராரு, அம்பத்தாறு வயசு. அவளப் பாத்ததும் காலக் கீழ வெச்சாரு, சைக்கிள்லருந்து எறங்கல.

"இன்னாமா, இந்நேரத்துல?"

"காசிண்ணா, ராத்திரி பூரா மோட்டார் ஓடுதா?"

அவரு சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாரு. சாவியத் தேடுனாரு. கையிலயே இருந்துச்சு.

"அண்ணா, நான் புடிச்சுக் குடுக்க வரல. கேக்குறேன், அவ்ளோதான்."

"ஓடுது"ன்னாரு. "அடுப்ப நிறுத்திடுவேன். மோட்டார விட்டுடுவேன். டேங்குல இருக்குற சூட்டுல சுத்திக்கினு கெடக்கும்."

"எதுக்கு?"

"எதுக்கா? வா இங்க." அவளக் கூட்டிக்கினு போயி பைப்பு ரெண்டும் சேர்ற எடத்தக் காட்டுனாரு. ரெண்டு தட்ட வெச்சு போல்ட்டு போட்டு முடுக்கியிருந்துச்சு. "இது மாதிரி பதினேழு ஜாயிண்டு இருக்குது. பைப்பு ஆறுனா சுருங்குது. காலையில சூடு ஏறச்சொல்ல அரை மணி நேரம் ஒவ்வொண்ணும் சொட்டும். துருத் தண்ணி. கீழ பாரு."

கீழ மூங்கில் கொம்புங்க, பட்டு நூல் காய வெக்கிறதுக்கு. மழைக் காலத்துல வெளிய போட முடியாது. பைப்புச் சூட்டுல சீக்கிரம் காயும்னு சாயப்பட்டறைப் பொம்பளைங்க இங்கதான் தொங்கவுடுவாங்க.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி சந்தன கலர் நூலு, கல்யாணப் பொடவைக்கு. ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டும்மா. மொத்த லாட்டும் போச்சு, என் சம்பளத்துல புடிச்சாங்க. அன்னிலருந்து நான் மோட்டார நிறுத்தறதில்ல. லீவு நாள்ல நிறுத்தித்தான் ஆவணும், மறுநாள் காலையில மட்டும் இங்க நூலு போட வுடமாட்டேன்." அவரு குரல் எறங்கிடுச்சு. "எழுதிடாதம்மா. சர்க்குலர மீறுனேன்னு ஒரு வரி போதும் அவங்களுக்கு."

"உங்க பேரு வராது"ன்னா ஷாரோன்.

சொல்லிட்டு ஓடுனா. அவ மனசுல வேற ஒண்ணு ஓடிக்கினு இருந்துச்சு. ஒரு நாளைக்குப் பதிமூணு மணி நேரம்னு போட்டுக்கினு இருந்தா. காலையில ஆறுலருந்து சாயங்காலம் ஏழு, அதான் பட்டற ஓடுற நேரம். ஆனா சூடு வெளிய போறது பட்டற ஓடுற நேரத்துல இல்லியே? பைப்பு சூடா இருக்குற நேரம் பூரா போவுதே! இருவத்தி நாலு மணி நேரம்!

ஞாயிறு, அமாவாசை, கோயில் திருவிழா எல்லாம் கழிச்சு வருஷத்துக்கு முந்நூறு நாள். பதிமூண அழிச்சுட்டு இருவத்தி நாலு போட்டா. எட்டு. எட்டே மாசம்! ஆபீஸ்ல யாருமில்ல. மேசைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு சத்தமில்லாம அழுதா.

பஞ்சாட்சரத்துக்கு இங்கிலீஷ் மெயில்னா பிரிண்ட் எடுத்து மறுநாளைக்குன்னு வெச்சிடுவாரு. அதனால தமிழ்லயே அடிச்சா. கணக்கு, தெர்மாமீட்டர் காட்டுனது, எட்டு மாசம். கடைசியில ஒரு பொய்யும் சேத்தா. "ராத்திரி மோட்டார் ஓடுவது என் உத்தரவின் பேரில்." பத்து மணிக்கு அனுப்பிட்டா.

பத்தே காலுக்குக் கூப்பிட்டாரு.

பஞ்சாட்சரம் கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சிருந்தாரு. "கதவச் சாத்து"ன்னாரு. சாத்துனா.

"மோட்டார் உன் உத்தரவா?"

"ஆமா சார்."

"நீ சேந்து எத்தினி மாசம் ஆவுது?"

"பதினொண்ணு."

"அது மூணு வருஷமா ஓடுது. நீ அப்ப ஒரகடத்துல இருந்த. அங்கருந்தே உத்தரவு போட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"காலையில ஆறு மணிக்கு எனக்குப் பட்டறையில சுடுதண்ணி வருது. ஆறி இருக்குற பைப்புலருந்து எப்படி வரும்? நான் இன்னா பச்சப்புள்ளையா?" அவரு கதவப் பாத்தாரு, அப்புறம் குரலக் கொறைச்சாரு. "அந்த சர்க்குலர் மொதலாளி போடச் சொல்லி நான் போட்டது. ராத்திரி கரண்ட் செலவு கூடாதுன்னாரு. போட்டேன். காசிநாதன் நிறுத்தல. நான் பாக்கல. எல்லாம் நல்லா போய்க்கினு இருந்துச்சு. இப்ப நீ எழுதற, என் கையெழுத்துக்கு மூணு வருஷமா மதிப்பு இல்லன்னு. அத நானே மொதலாளிக்கு அனுப்பணுமா?"

"சார், ராத்திரிய சேக்கலன்னா பதினாலு புள்ளி எட்டு வருது."

"அப்ப பதினாலு புள்ளி எட்டு."

"சார், அது போனா எனக்கு..."

"தெரியும்மா. தெரியாமலா பேசறேன்? ஆனா நீ இத அனுப்புனா அவரு இன்னா சொல்வாரு தெரியுமா? ரெண்டு இஞ்ச் பஞ்சு எதுக்கு, மோட்டார நிறுத்து, ஒரு இஞ்ச் போதும்னு சொல்வாரு. அப்புறம் எவன் ஓட்டுனான்னு கேப்பாரு. பஞ்சும் வராது, காசிநாதனும் போவான், உன் லெட்டரும் வராது. மூணும் போவும்."

அவரு சொன்னதுல தப்பே இல்ல. அதுதான் தாங்கல.

"இந்த மெயில் எனக்கு வரல"ன்னு சொல்லிட்டு, பஞ்சாட்சரம் கண்ணாடிய மாட்டிக்கினு அத அழிச்சாரு. "நாலு மணி வரைக்கும் டைம் இருக்குது. சர்க்குலர்ல இருக்குற மாதிரி மோட்டார் நிக்கிதுன்னு வெச்சு, பன்னெண்டுக்குள்ள வந்தா குடு. நானே அனுப்பறேன். வரலன்னா ஒரு இஞ்சுன்னு ஃபக்ருதீனுக்குச் சொல்லிடு."

மத்தியானம் அவளால சாப்புட முடியல. பைப்பு ஓரமா போயி நின்னா. அம்சா கொம்புல நூல் தொங்கவுட்டுக்கினு இருந்தா, மாம்பழ மஞ்ச. சாயப்பட்டறையில இருவது வருஷமா கீறவ, வாய் சும்மா இருக்காது.

"இன்னா இஞ்சினியரம்மா, பைப்புக்கு ஸ்வெட்டர் போடப் போறீங்களாமே? தடியா?"

"ஆமாக்கா."

"சூட்டையெல்லாம் போத்தி மூடிட்டா என் நூலு எங்க காயும்? உங்க தலையிலயா?"

"அக்கா, அந்தச் சூடு டீசல்க்கா. காசு."

"அப்ப இத்தினி நாளும் நாங்க டீசல்லதான் நூலு காய வெச்சோமா? சொல்லவேயில்ல பாரு"ன்னு சிரிச்சா அம்சா. ஷாரோன் மூஞ்சியப் பாத்ததும் சிரிப்ப நிறுத்திட்டா. "இன்னாமா, ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா."

காசிநாதன் எப்ப வந்து பின்னாடி நின்னாருன்னு தெரியல. அவரு மூஞ்சி செவந்திருந்துச்சு.

"பேரு வராதுன்னு சொன்ன இல்ல? ஆபீஸ் பையன் லோகேஷு சொல்றான், மோட்டாரு விஷயம் சூப்பர்வைசர் ரூம் வரைக்கும் போச்சுன்னு. கதவு சாத்தி இருந்தா காதும் சாத்தி இருக்குமா இங்க?"

"உங்க பேரப் போடலண்ணா. என் பேரப் போட்டேன். அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது."

"தெரிஞ்சுக்கினு இருக்கறது வேற, எழுத்துல வரது வேற. இது கூடவா தெரியாது உனக்கு?"

"அத அழிச்சுட்டாரு. இல்லவே இல்ல இப்ப. நீங்க பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான் ஆவும். மோட்டார் நிக்கிற மாதிரி கணக்குப் போடணும்னு சொல்றாரு. மோட்டார் நின்னா ராத்திரியில சூடு போற கணக்கே கெடையாது. பதிமூணு மணி நேரம்தான். முடிஞ்சிடுச்சுண்ணா."

காசிநாதன் அவள ஒரு மாதிரி பாத்தாரு. கோவம் இருந்த எடத்துல ஒரு ஏளனம் வந்துச்சு.

"ஏன் கெடையாது?"

"மோட்டார் நின்னா தண்ணி ஓடாதே."

"ஓடலன்னா? உள்ள இருக்குற தண்ணி எங்க போச்சு? பைப்புலதான் நிக்குது. தொண்ணூறுல நின்னது காலையில வெதுவெதுன்னு ஆயிடுது. அத திரும்பத் தொண்ணூறுக்குக் காய்ச்சறது யாரு? உங்கப்பனா? நான்தான் காய்ச்சறேன். டீசல்லதான் காய்ச்சறேன். மோட்டார நிறுத்துன காலத்துல மொத அரை மணி நேரம் அடுப்பு எப்படி குடிக்கும் தெரியுமா? படிச்ச பொண்ணு, இது தெரியாம கணக்குப் போடறியே."

ஷாரோன் அவரப் பாத்துக்கினே நின்னா. அப்புறம் ஆபீஸுக்கு ஓடுனா. பின்னாடி அம்சா, "இன்னாய்யா, அந்தப் பொண்ண அடிச்சிட்டியா நீ?"ன்னு காசிநாதனத் திட்டறது கேட்டுச்சு.

மணி ரெண்டே கால்.

மொதல்ல பைப்புக்குள்ள எத்தினி லிட்டர்னு போட்டா. மீட்டருக்கு ரெண்டு லிட்டருக்கு மேல கொஞ்சம், இருநூத்தி நாப்பது மீட்டருக்கு ஐநூத்தி இருவது லிட்டர். அது மட்டும் இல்ல, பைப்பு இரும்பும் ஆறும், அதையும் காய்ச்சணும். ஆயிரத்தி முந்நூறு கிலோ இரும்பு. ரெண்டையும் சேத்து ஒரு டிகிரி ஏத்த, கரண்ட் கணக்குல சொன்னா, முக்கா யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல.

அடுத்தது, பதினோரு மணி நேரத்துல எவ்ளோ ஆறும்? நேர்கோடா ஆறாது. சூடா இருக்கச்சொல்ல வேகமா எறங்கும், ஆற ஆற மெதுவா எறங்கும். நடுவுல ஒருவாட்டி தப்பாப் போட்டு பதிமூணு மாசம் வந்துச்சு. எழுந்து போயி மூஞ்சியக் கழுவிக்கினு வந்தா. திரும்ப மொதல்லருந்து போட்டா. ஒரு இஞ்ச் பஞ்சுன்னா காலையில தண்ணி நாப்பத்தாறு டிகிரியில நிக்கும். ரெண்டு இஞ்ச்சுன்னா அம்பத்தஞ்சு கிட்ட நிக்கும். அந்த எட்டரை டிகிரி, ஒரு ராத்திரிக்கு ஆறரை யூனிட். முந்நூறு ராத்திரிக்கு டீசல்ல இருநூத்தி நாப்பத்தேழு லிட்டர்.

பகல் கணக்கு தொள்ளாயிரத்தி அம்பத்தி மூணு லிட்டர். ரெண்டும் சேந்து ஆயிரத்தி இருநூறு.

லிட்டர் தொண்ணூத்திரெண்டு ரூபா. ஒரு லட்சத்தி பத்தாயிரத்தி நானூறு. போட வேண்டிய காசு ஒரு லட்சத்தி எட்டாயிரம்.

பதினொண்ணு புள்ளி ஏழு மாசம்.

அவ சந்தோசப்படல. பயந்தா. இவ்ளோ ஒட்டி வர கணக்கு எதுலயாவது தப்பா இருக்கும்னு மூணு தடவ பாத்தா. மூணு தடவையும் அதேதான் வந்துச்சு. மணி மூணு இருவதுக்கு அடிக்க ஆரம்பிச்சா.

"மதிப்புக்குரிய சார், வணக்கம். சுடுதண்ணி லைனுக்கு ஒரு இஞ்சுக்குப் பதில் ரெண்டு இஞ்ச் பஞ்சு போட அனுமதி கேட்கிறேன். கூடுதல் செலவு ரூ.1,08,000. சர்க்குலர்படி மோட்டார் காலை ஆறு முதல் இரவு ஏழு வரை ஓடுவதாக வைத்துக் கணக்கிட்டுள்ளேன். பகலில் மிச்சமாகும் டீசல் வருடத்துக்கு 953 லிட்டர். இரவில் மோட்டார் நின்றாலும் பைப்பில் நிற்கும் 520 லிட்டர் தண்ணியும் பைப்பு இரும்பும் ஆறிப்போகிறது. காலையில் அதைத் திரும்பக் காய்ச்சும் டீசலை இதுவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தடித்த பஞ்சு அதிலும் 247 லிட்டர் மிச்சம் பிடிக்கும். மொத்தம் 1,200 லிட்டர், ரூ.1,10,400. போட்ட காசு 11.7 மாதத்தில் திரும்பும். டீசல் விலை தொண்ணூறு ரூபாய்க்குக் கீழே இறங்கினால் இது பன்னெண்டைத் தாண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சு பத்து வருடம் உழைக்கும். பதினேழு ஜாயிண்டுகளிலும் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட் மாற்றி, அந்த இடங்களில் மட்டும் கழட்டி மாட்டுகிற மூடி போட வேண்டும். ஒழுகி பஞ்சு நனைந்தால் இந்தக் கணக்கு செல்லாது. கேஸ்கெட் பராமரிப்புச் செலவில் வரும். இப்படிக்கு, ஷாரோன்."

அந்த டீசல் விலை வரிய ரெண்டு தடவ அழிச்சா. ரெண்டு தடவையும் திரும்ப அடிச்சா. மூணு நாப்பதுக்கு அனுப்பிட்டு, அனுப்புன கையோட அவரு ரூமுக்கே போயி நின்னா.

பஞ்சாட்சரம் வெரல வெச்சு வெச்சுப் படிச்சாரு. "மோட்டார் நின்னப்புறம் சூடு போறது கொறைஞ்சுக்கினே வருமே. பதினோரு மணி நேரமும் தொண்ணூறுன்னே போட்டுட்டியா?"

"இல்ல சார். ஆற ஆற கொறையிற மாதிரிதான் போட்டுகீறேன். தொண்ணூறுன்னே போட்டிருந்தா எட்டு மாசம் வந்திருக்கும்."

"இந்தத் தொண்ணூறு ரூபா வரி எதுக்கு? எவன் கேட்டான்? நீயே உன் கழுத்துல கத்தி வெக்கற?"

"அவரு போட்டுப் பாத்தா தெரிஞ்சுடும் சார். அப்புறம் மொத்தமும் பொய்னு நெனைப்பாரு."

அவரு திரும்ப மேலருந்து படிச்சாரு. "ராத்திரி தண்ணி ஆறுது"ன்னு தனக்குத் தானே சொல்லிக்கினாரு. "இருவத்தெட்டு வருஷமா சாயத் தண்ணியிலயே நிக்கிறேன். எனக்கும் தோணல பாரு. யாரு சொன்னா?"

"காசிண்ணா."

"அவனா?" பஞ்சாட்சரம் சிரிக்கிற மாதிரி வந்து நிறுத்திக்கினாரு. "இது எழுத்துல போச்சுன்னா, ராத்திரி மோட்டாரு நெஜமாவே நிக்கணும். தெரியுதா? இன்னியிலருந்து. இனிமே நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது."

"தெரியுது சார்."

மூணு அம்பதுக்கு மொதலாளிக்கு அனுப்புனாரு. ஃபக்ருதீன் பாய் போன் வந்துச்சு. "பாய், ஒரு பத்து நிமிஷம்"னா. நாலு அஞ்சுக்குத் திரும்ப வந்துச்சு. "மேடம், பஞ்சுக் கடைக்காரன் ஷட்டர் போடறேங்கறான்." "பாய், உங்களக் கையெடுத்துக் கும்புடறேன், இன்னும் அஞ்சு நிமிஷம்." "அட, இன்னாமா நீ, பஞ்சுக்குப் போயி கும்புடற? சரி, அவங்கிட்ட டீ குடிச்சுக்கினு பேச்சு குடுத்துக்கினு இருக்கேன்."

நாலு பதினெட்டுக்குப் பஞ்சாட்சரம் போன் அடிச்சுச்சு. மெயில் இல்ல, மொதலாளியே. அவரு எழுந்து நின்னு பேசுனாரு. "சரிங்க... ஆமாங்க... ஆமாங்க, அந்தப் பொண்ணுதான்... சரிங்க." ஷாரோன் மேசை ஓரத்தப் புடிச்சுக்கினா.

போன வெச்சுட்டு உக்காந்தாரு.

"ரெண்டு இஞ்ச் போடச் சொல்லிட்டாரு."

அவ மூச்சு விட்டா.

"இரு. முழுசா கேளு. உனக்கு இன்னும் ஒரு வருஷம் போடச் சொன்னாரு. அதே சம்பளம். பதினொண்ணு புள்ளி ஏழு மாசத்துல ஆயிரத்தி நூத்தி எழுவது லிட்டர் மிச்சம் ஆச்சான்னு அவரே பில்லப் பாப்பாராம். ஆச்சுன்னா பர்மனன்ட்டு. ஆவலன்னா..." அவரு முடிக்கல. "அவரு சொன்னத அப்படியே சொல்றேன். பஞ்சு பணத்தச் சம்பாரிக்கட்டும், பொண்ணு வேலையச் சம்பாரிக்கட்டும்னாரு."

ஷாரோன் பாய்க்கு "ரெண்டு இஞ்சு"ன்னு ரெண்டே வார்த்த சொன்னா.

சாயங்காலம் ஏழு மணி. பட்டறப் பொம்பளைங்க எல்லாம் போயிட்டாங்க. அம்சா மட்டும் கடைசியா கொம்புங்கள எடுத்துச் செவுத்தோரம் சாச்சு வெச்சா. "நாளைக்கு இங்க நூலு போடக் கூடாதாம், ஜாயிண்டு அழுவுமாம். நல்லா இருக்குது உங்க நியாயம்"னு முணுமுணுத்துக்கினே போனா.

காசிநாதன் சுச்சு போர்டு முன்னாடி நின்னாரு. கைய வெச்சாரு, அழுத்தல.

"மூணு வருஷம் ஆச்சும்மா இத அழுத்தி. லீவு நாளத் தவுர."

"அழுத்துங்கண்ணா."

"காலையில பதினேழும் சொட்டும். நான் ஒருத்தன் எத்தினி ஜாயிண்டுக்குக் கீழ பக்கெட்டு வெப்பேன்?"

"மொத பஸ்ஸுக்கு வந்துடறேன். நாளைக்கு, நாளன்னிக்கு, கேஸ்கெட் மாத்தி முடிக்கிற வரைக்கும் வரேன். பைப்பு ஆறி இருக்கச்சொல்லதான் போல்ட்டு முடுக்கணும். ரெண்டு பேரும் முடுக்கலாம்."

"அது ஒரு வருஷம் ஆனாலுமா?"

"ஒரு வருஷம்னா ஒரு வருஷம்."

காசிநாதன் தலைய ஆட்டுனாரு, சரிங்கறாரா வேணாங்கறாரான்னு தெரியல. சுச்ச அழுத்துனாரு. மோட்டார் ஒரு தடவ முனகிட்டு நின்னுச்சு. அந்தச் சத்தம் எப்பவும் இருந்ததால அது இல்லாம பாய்லர் ரூமே காலியான மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல பைப்பு ஆற ஆரம்பிச்சுச்சு. டிக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் தூரமா, சாயப்பட்டறைப் பக்கம், இன்னொரு டிக்.

ஷாரோன் போன எடுத்து மணியப் பாத்தா. ஏழு நாலு. நோட்டுல தேதியப் போட்டு, வால்வு மேல தெர்மாமீட்டர வெச்சு, மொத வரிய எழுதுனா.